பச்சிளங்குழந்தையின் கண்ணில் பீளை: நாள் கணக்கு சொல்லும் செய்தி

பிறந்து சில நாள்களே ஆன குழந்தையின் கண்ணோரத்தில் பீளை கட்டுவதும், தூங்கி எழும்போது இமைகள் ஒட்டிக்கொண்டு திறக்க மறுப்பதும் குழந்தை பிறந்த வீடுகளில் அடிக்கடி காணும் காட்சி. ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அது போதுமானதாகவும் இருக்கிறது. ஆனால், இதே பீளை சில குழந்தைகளிடம் முற்றிலும் வேறான நோயின் முதல் அறிகுறியாக வருகிறது. அந்நோய்க்கு இரண்டு நாள் அவகாசம் கொடுத்தால் வாழ்நாள் முழுவதற்குமான பார்வையை எடுத்துக்கொண்டு போய்விடும். முன்னதையும் பின்னதையும் பிரித்தறிய வீட்டில் இருப்பவர்களுக்குப் பெரிய மருத்துவ அறிவு தேவையில்லை. குழந்தை பிறந்து எத்தனையாவது நாளில் பீளை தொடங்கியது, இமை வீங்கியிருக்கிறதா, கண்ணின் வெள்ளைப் பகுதி சிவந்திருக்கிறதா என்னும் மூன்று கேள்விகள் போதும்.

முதலில் தீங்கற்ற பீளையைப் பார்த்துவிடலாம். கண்ணில் சுரக்கும் நீர் முழுவதும் கன்னத்தில் வழிவதில்லை. மூக்கை ஒட்டிய கண்ணின் உள்முனையில் இரண்டு நுண்ணிய துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே கண்ணீர் ஒரு சிறு பைக்குள் இறங்கி, அங்கிருந்து ஒரு குழாய் வழியாக மூக்குக்குள் வடிகிறது. அழும்போது நமக்கு மூக்கும் ஒழுகுவது இதனால்தான். கருவில் குழந்தை வளரும்போது இந்தக் குழாய் மேலிருந்து கீழாகத் திறந்துகொண்டே வருகிறது. மூக்குக்குள் திறக்கும் கடைசி வாயிலில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். பிறக்கும் நேரத்தில் அது விலகாமல் இருந்துவிட்டால், கண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது. தேங்கிய நீர் கண்ணில் நிறைந்து நிற்கும்; அதில் சளி போன்ற பசை சேரும்; தூங்கி எழும்போது இமை ஒட்டிக்கொள்ளும்.

இதன் அடையாளம் தெளிவானது. பீளை இருந்தாலும் கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். இமை வீங்காது. குழந்தை வெளிச்சத்தைக் கண்டு முகம் சுளிக்காது. கண்ணின் உள்முனைக்குக் கீழே, மூக்கெலும்பை ஒட்டி விரலால் மெல்ல அழுத்தினால், பைக்குள் தேங்கிய பசை கண்ணுக்குள் மேலேறி வருவதைக் காணலாம். பிறந்த முதல் சில நாள்களில் கண்ணீர்ச் சுரப்பு குறைவு என்பதால், இந்த அடைப்பு பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் வெளியே தெரியவரும். இந்தக் கால இடைவெளியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறந்து மூன்றாம் நாளிலேயே கெட்டியாகச் சீழ் வடிந்தால், அதைக் கண்ணீர்க் குழாய் அடைப்பு என்று தள்ளிவிட முடியாது.

அடைப்புக்கு மருந்து தேவையில்லை. நகம் வெட்டிய சுத்தமான விரலைக் கண்ணின் உள்முனையில் வைத்து, மூக்கின் பக்கவாட்டில் சற்று அழுத்தமாகக் கீழ்நோக்கி இழுத்துவிட வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்து முதல் பத்து முறை, நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளை செய்யலாம். பலரும் செய்யும் பிழை, கண்ணோரத்தில் வட்டமாகத் தடவிக்கொடுப்பது. தேங்கிய நீரைக் கீழே தள்ளி, அந்த அழுத்தத்தால் சவ்வை விலகச் செய்வதுதான் இதன் நோக்கம் என்பதால், விரல் மேலிருந்து கீழே மட்டுமே செல்ல வேண்டும். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் குழாய் தானாகத் திறந்துவிடும். திறக்காதவர்களுக்கு மெல்லிய கம்பியைச் செலுத்தித் திறந்துவிடும் எளிய சிகிச்சை உண்டு.

இந்தக் கதையிலும் இரண்டு விலக்குகள் இருக்கின்றன. பிறந்த சில நாள்களிலேயே கண்ணின் உள்முனைக்குக் கீழே நீலம் பாய்ந்த சிறு கட்டி தெரிந்தால், அது மூக்குக்குள்ளும் புடைத்துக்கொண்டு சுவாசத்தைத் தடுக்கக்கூடும். அது சிவந்து வலித்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கிறது என்று பொருள். இன்னொன்று, பீளை இல்லாமல் வெறும் நீர் மட்டும் வடிந்து, குழந்தை வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கருவிழி வழக்கத்தைவிடப் பெரிதாகவோ மங்கலாகவோ இருந்தால், அது பிறவிக் கண்ணழுத்த நோயாக இருக்கலாம். இரண்டையும் கண் மருத்துவர் தாமதமின்றிப் பார்க்க வேண்டும்.

இனி, அஞ்ச வேண்டிய பீளை. பிறந்து 28 நாள்களுக்குள் குழந்தையின் விழி வெண்படலத்தில் ஏற்படும் அழற்சியை மருத்துவம் தனிப் பெயரிட்டுப் பிரித்து வைத்திருக்கிறது. பெரியவர்களுக்கு வரும் ‘மெட்ராஸ் ஐ’ போன்றதல்ல இது. அது பெரும்பாலும் வைரஸால் வந்து தானாகப் போய்விடும். பச்சிளங்குழந்தைக்கு வருவதோ, பிறப்புப் பாதையில் இருந்த கிருமிகள் பிரசவத்தின்போது கண்ணுக்குள் புகுவதால் வருவது. அக்கிருமிகளில் இரண்டு முதன்மையானவை: கொனோரியாக் கிருமி, கிளமிடியா. முதலாவதைப் பழைய வழக்கில் ‘வெட்டை நோய்’ என்பார்கள். இரண்டும் பாலுறவால் பரவுபவை; பெண்களிடம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் இருப்பவை. தனக்குத் தொற்று இருப்பதே தெரியாத ஒரு தாயின் உடலில் அது இருக்கிறது என்பதைக் குழந்தையின் கண்தான் முதலில் அறிவிக்கிறது.

கிருமிக்குக் கிருமி, வெளிப்படும் நாள் வேறுபடுகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் கண் சற்றுச் சிவந்தால், கண்ணில் இட்ட மருந்தின் எரிச்சலாக இருக்கக்கூடும். இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் இமை வீங்கிச் சீழ் பெருகினால் கொனோரியாவைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ஐந்தாம் நாள் முதல் இரண்டாம் வார முடிவுக்குள் தொடங்கினால் கிளமிடியாவாக இருக்க வாய்ப்பு மிகுதி. மற்றச் சாதாரண பாக்டீரியாக்களும் அந்நாள்களிலும் அதற்குப் பின்னும் தலைகாட்டும். இந்த எல்லைகள் கல்லில் செதுக்கியவை அல்ல. பனிக்குடம் முன்னதாகவே உடைந்து, பிரசவம் நெடுநேரம் தள்ளிப்போயிருந்தால், கிருமி முன்பே கண்ணை அடைந்திருக்கும்; எனவே முதல் நாளிலேயே சீழ் தோன்றலாம். அதே காரணத்தால், அறுவை சிகிச்சையில் பிறந்த குழந்தைக்கு இந்நோய் வரவே வராது என்று சொல்லிவிடவும் முடியாது.

கொனோரியாக் கிருமியை மட்டும் ஏன் இவ்வளவு தனித்துப் பேசுகிறோம்? கண்ணின் முன்புறத்தில் இருக்கும் ஒளி ஊடுருவும் கருவிழிப் படலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனே உடையது. ஆயினும் அதன் மேல்தோல் ஒரு சிறந்த காவல். பெரும்பாலான பாக்டீரியாக்கள் அங்கு ஒரு கீறலோ புண்ணோ இருந்தால்தான் உள்ளே நுழைய முடியும். கொனோரியாக் கிருமிக்கு அந்த வாசல் தேவையில்லை. கீறலே இல்லாத மேல்தோலிலும் ஒட்டிக்கொண்டு, அதை ஊடுருவிச் செல்லும் ஆற்றல் அதற்கு உண்டு. அதைத் தாக்க வரும் வெள்ளணுக்கள் வெளியிடும் நொதிகளும் சேர்ந்து கருவிழியை அரிக்கின்றன. முதலில் ஒரு மங்கல், பிறகு வெண்புள்ளி, பிறகு புண், அதன் பிறகு துளை. இந்த நான்கு படிகளையும் ஓரிரு நாளிலேயே அந்நோய் கடந்துவிடக்கூடும். வாரக் கணக்கில் காத்திருக்கும் நோய்களோடு பழகிய நமக்கு இந்த வேகம் நம்பமுடியாததாக இருக்கிறது. ஆபத்தும் அங்குதான் இருக்கிறது.

துளை விழுந்த கண்ணைப் பிறகு ஏதாவது செய்து மீட்டுவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். தழும்பு விழுந்த கருவிழியை மாற்றி வைக்கும் அறுவை சிகிச்சை பெரியவர்களிடம் தரும் வெற்றியைக் கைக்குழந்தைகளிடம் தருவதில்லை. அதைவிட அடிப்படையான தடை ஒன்றும் உண்டு. பார்ப்பது என்பது மூளை கற்றுக்கொள்ளும் திறன். தெளிவான பிம்பம் கண் வழியே வந்துகொண்டிருந்தால்தான் மூளையில் பார்வைக்கான பகுதி முறையாக உருப்பெறும். முதல் மாதங்களில் தழும்பு அந்த பிம்பத்தை மறைத்துவிட்டால், பின்னாளில் தழும்பை அகற்றினாலும் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தப் பழகியிருக்காது.

இந்த நோய் ஒருகாலத்தில் ஐரோப்பாவின் பார்வையற்றோர் பள்ளிகளை நிரப்பியது. 1879-இல் ஆல்பெர்ட் நைஸர் இதன் கிருமியை நுண்ணோக்கியில் கண்டறிந்தார். அடுத்த ஆண்டு, ஜெர்மனியின் லைப்ஸிக் நகர மகப்பேறு மருத்துவமனையை நடத்திவந்த கார்ல் கிரேடே, பிறந்த எல்லாக் குழந்தைகளின் கண்ணிலும் இரண்டு சதவீத வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு இடத் தொடங்கினார். அதற்கு முன்பு அவர் தாய்மார்களின் பிறப்புப் பாதையைக் கழுவிப் பார்த்திருந்தார். அதில் போதிய பலன் கிடைக்கவில்லை. கண்ணிலேயே மருந்தை இட்டதும், அவருடைய மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் கண்டுவந்த நோய், நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் கண்டுபிடிக்கப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நிகழ்ந்த சாதனை இது.

மருந்து கிடைத்த பிறகும் பல நாடுகளில் நோய் தொடர்ந்ததற்குக் காரணம் வாய்திறக்கக் கூசிய சமூகம். பாலுறவு நோய் என்ற சொல்லையே அச்சிடத் தயங்கிய காலம் அது. அமெரிக்காவில் பெண்கள் இதழ் ஒன்றில் 1907-இல் இதைப் பற்றி வெளிப்படையாக எழுதிப் பலரையும் திடுக்கிட வைத்தவர் ஹெலன் கெல்லர். அவர் பார்வையிழந்தது வேறொரு நோயால். ஆனால், தடுத்திருக்கக்கூடிய காரணத்தால் பார்வையிழந்தவர்களுக்காக அவர் பேசினார். நூறாண்டு கடந்தும், நம் ஊரில் மருத்துவர் ஒருவர் இந்நோயின் மூலத்தைக் குழந்தையின் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லும்போது அந்த அறையில் விழும் மௌனம் அதிகம் மாறிவிடவில்லை.

வெள்ளி நைட்ரேட் எரிச்சல் தந்ததால் பின்னாளில் அதன் இடத்தை எரித்ரோமைசின், டெட்ராசைக்ளின் களிம்புகள் பிடித்தன. பிறந்தவுடன் எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்திட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இது சட்டப்படி கட்டாயம். பிரிட்டனில் வழக்கம் கைவிடப்பட்டுவிட்டது. கனடா நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம், கர்ப்பிணிகளைப் பரிசோதித்துச் சிகிச்சை அளிப்பதே மேல் என்று 2015-இல் கூறியது. இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. ஆனால், களிம்பை விடுவதென்றால் பரிசோதனை இருக்க வேண்டும் என்பதுதான் அந்த வாதத்தின் உள்ளீடு. நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைடிஸ்-பி பரிசோதனைகள் வழக்கமாகச் செய்யப்படுகின்றன. கொனோரியாவும் கிளமிடியாவும் அந்தப் பட்டியலில் இல்லை. பிரசவ அறையில் எல்லாக் குழந்தைகளுக்கும் களிம்பிடுவதும் இங்கே பொது வழக்கமாகவில்லை. இரண்டு வேலிகளும் இல்லாத இடத்தில், பீளையைக் கண்டதும் விரைந்து செயல்படுவது ஒன்றே மிஞ்சும் காவல்.

அந்த விரைவு நடைமுறையில் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இரண்டு கிலோ எண்ணூறு கிராம் எடையுடன் சுகப்பிரசவத்தில் ஒரு பெண் குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 48 மணி நேரம் கழிந்ததும் தாயும் குழந்தையும் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள்; தாய்வீட்டுக்குப் போகிறார்கள். அன்று இரவு குழந்தையின் வலது கண்ணில் நீர் கோக்கிறது. மறுநாள் காலை மஞ்சள் நிறப் பீளை. துடைத்த அரை மணியில் மீண்டும் நிறைகிறது. ‘குளிர்ந்த காற்று பட்டிருக்கும்’ என்கிறார் பாட்டி. தாய்ப்பால் இரண்டு சொட்டு விடப்படுகிறது. மாலையில் இடது கண்ணும் வீங்குகிறது. வலது கண்ணின் இமைகள் பிதுங்கி, விழியே தெரியாத அளவுக்கு மூடிக்கொள்கின்றன. பீளை தோன்றி இன்னும் ஒரு நாள்கூட முழுதாகக் கழியவில்லை.

இந்தக் கட்டத்தில் குழந்தை மருத்துவமனைக்கு வந்துவிட்டால், நடக்க வேண்டியவை இவை. மருத்துவர் கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டே இமையைத் திறப்பார். வீங்கிய இமைக்குப் பின்னால் தேங்கிய சீழ் திறந்ததும் பீறிட்டுத் தெறிக்கும். அது பார்ப்பவர் கண்ணில் பட்டால் அவருக்கும் நோய் வரும். சீழைக் கழுவிவிட்டுக் கருவிழியில் மங்கலோ புண்ணோ இருக்கிறதா என்று பார்ப்பார். ஆரஞ்சு நிறச் சாயம் ஒன்றைத் தொட்டுவிட்டு நீல ஒளியில் பார்த்தால், மேல்தோல் அழிந்த இடம் பச்சையாக ஒளிரும். மருந்து எதுவும் இடுவதற்கு முன் கீழிமையின் உட்புறத்திலிருந்து மாதிரி எடுக்கப்படும். அதைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், வெள்ளணுக்களுக்குள் இரட்டை இரட்டையாக, இரு காப்பிக் கொட்டைகளை எதிரெதிரே வைத்தாற்போல் கிருமிகள் தெரியும். ஒரு மணி நேரத்துக்குள் கிடைத்துவிடும் விடை இது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கும் மாதிரி அனுப்பப்படும். அதன் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில்லை. வளர்ப்புச் சோதனை, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறது என்பதை உறுதிசெய்துகொள்ளத்தான்.

சிகிச்சை வியப்பூட்டும் அளவுக்கு எளியது: செஃப்ட்ரியாக்ஸோன் என்னும் மருந்து, ஒரே ஒரு ஊசி. எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்ற கணக்கில், நமது எடுத்துக்காட்டுக் குழந்தைக்கு 140 மில்லிகிராம். கூடவே, சீழ் நிற்கும்வரை உப்புநீர்க் கரைசலால் கண்ணை அடிக்கடி கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். தொடக்கத்தில் மணிக்கொரு முறை. குழந்தை மருத்துவமனையில் தங்கியாக வேண்டும். கிருமி கண்ணோடு நிற்காமல் இரத்தத்திலும் மூட்டுகளிலும் மூளைச் சவ்விலும் பரவியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக அது. பரவியிருந்தால் ஒரு ஊசி போதாது. ஒரு வாரமோ அதற்கு மேலோ மருந்து செல்ல வேண்டும். கண்ணில் மட்டும் இருந்தால், ஓரிரு நாளிலேயே இமை வீக்கம் வடியத் தொடங்கும்.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கொனோரியா வெளிப்படும் மூன்றாம், நான்காம், ஐந்தாம் நாள்கள்தாம் பிறந்த குழந்தைகளின் மஞ்சள் காமாலை உச்சத்தில் இருக்கும் நாள்களும். செஃப்ட்ரியாக்ஸோன், இரத்தப் புரதத்தோடு இணைந்திருக்கும் மஞ்சள் நிறமியை அங்கிருந்து பெயர்த்துவிடும். பெயர்ந்த நிறமி மூளைக்குள் செல்லக்கூடும். சுண்ணச்சத்து சேர்ந்த திரவம் நரம்பு வழியே ஏறிக்கொண்டிருக்கும் குழந்தைக்கும் இம்மருந்து ஆகாது. இரண்டும் சேர்ந்து படிகமாக உறைந்துவிடும். இத்தகைய குழந்தைகளுக்கு அதே குடும்பத்தைச் சேர்ந்த செஃபோடாக்ஸிம் பயன்படுகிறது. ‘ஒரே ஊசிதானே’ என்று பக்கத்துக் கிளினிக்கில் முடித்துக்கொள்ள முடியாமல், காமாலையின் அளவைப் பார்த்து முடிவெடுக்கும் வசதியுள்ள இடத்துக்குக் குழந்தையைக் கொண்டுசெல்ல வேண்டியிருப்பது இதனால்தான்.

கிளமிடியா இவ்வளவு ஆவேசம் காட்டுவதில்லை. இரண்டாவது வாரத்தில் கண் சற்றுச் சிவக்கும், இமை லேசாக வீங்கும், நீர்த்த பீளை பிறகு கெட்டியாகும். மெதுவான இயல்பே அதன் தந்திரம். சொட்டு மருந்து விட்டதும் பீளை குறைவதால், நோய் போய்விட்டது என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். ஆனால், இந்தக் கிருமி உயிரணுக்களுக்கு உள்ளே புகுந்து வாழ்வது. கண்ணில் மட்டுமல்லாமல் தொண்டையிலும் மூக்கின் பின்புறத்திலும் குடியேறுவது. கண்ணில் விடும் மருந்து அந்த இடங்களை எட்டாது. ஒன்று முதல் மூன்று மாத வயதில் அதே குழந்தைக்கு, காய்ச்சல் இல்லாமல், விட்டுவிட்டு வெட்டி இழுக்கும் இருமல் தொடங்கும், மூச்சு வேகமெடுக்கும். அது கிளமிடியா நிமோனியா. அப்போது மருத்துவரிடம் செல்பவர்கள், பழைய கண் பீளையைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள், கேட்கப்படுவதும் குறைவு.

எனவே இங்கே மருந்து வாய்வழியாகச் செல்ல வேண்டும்: எரித்ரோமைசின் 14 நாள்கள், அல்லது அஸித்ரோமைசின் மூன்று நாள்கள். எரித்ரோமைசினை ஒரு முறை முழுமையாகக் கொடுத்தும் ஐந்தில் ஒரு குழந்தைக்கு நோய் திரும்பக்கூடும் என்பதால், மறுபரிசோதனைக்குச் செல்வது அவசியம். இவ்விரு மருந்துகளும் பிறந்த சில வாரங்களுக்குள் கொடுக்கப்படும்போது, அரிதாக இரைப்பையின் வாயில் தடித்துப் பால் இறங்காமல் போகும் நிலை ஏற்படுவதுண்டு. ஒவ்வொரு முறை பால் குடித்ததும் பீய்ச்சியடிப்பதுபோல் குழந்தை வாந்தியெடுத்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதிலும் ஒரு தவறு நேர்கிறது. கிருமி உயிரணுக்களுக்குள் இருப்பதால், வழியும் சீழை மட்டும் தொட்டெடுத்து அனுப்பினால் கிருமி அகப்படாமல் போகலாம். இமையின் உட்புறத் தோலைச் சற்று உரசி எடுக்க வேண்டும்.

அக்கி இனத்தைச் சேர்ந்த ஹெர்பிஸ் வைரஸ் அரிது, ஆனால் கொடியது. முதல் இரண்டு வாரங்களில், கண் சிவப்போடு இமையிலோ உடலிலோ சிறு நீர்க்கொப்புளங்கள் தெரிந்தால், அல்லது குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தால், மூளையும் தாக்கப்படலாம் என்று கொண்டு நரம்பு வழியே அசைக்ளோவிர் தொடங்குகிறார்கள். வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தக் கண்ணில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து விழுந்தால் நோய் தீவிரமாகும் என்பது. நம் மருந்துக் கடைகளில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் கண் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்தவையும் இருக்கின்றன. சிவப்பு சட்டென்று வடிவதால் அவற்றுக்கு நல்ல பெயரும் இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு வாங்கி மீதி வைத்த புட்டியிலிருந்து குழந்தைக்கு விடுவது அதைவிட மோசம். ஸ்டீராய்டு இல்லாத சொட்டு மருந்தாகவே இருந்தாலும், பரிசோதனைக்கு முன் விட்டுவிட்டால் வளர்ப்புச் சோதனையில் கிருமி முளைக்காது. கண்ணைக் காப்பதற்கும் அது போதாது.

தாய்ப்பால் பற்றிக் கேட்பார்கள். அதில் நோயெதிர்ப்புப் பொருள்கள் உண்டு என்பது உண்மை. குழாய் அடைப்பால் வரும் சாதாரணப் பீளையில் தாய்ப்பால் விட்டு ‘சரியாயிற்று’ என்று பாட்டிமார் சொல்வதிலும் வியப்பில்லை. அந்தப் பீளை எதுவும் விடாமலே அவ்வப்போது குறையக்கூடியது. கொனோரியாக் கிருமியை நிறுத்தும் வலிமை அதற்கு இல்லை. விளக்கெண்ணெய், வீட்டு மை, கடை மை எதுவும் கண்ணுக்குள் போக வேண்டியதில்லை. மை கண்ணீர்த் துளைகளை அடைக்கும். விரலில் உள்ள கிருமியைக் கண்ணுக்குக் கடத்தும். கடையில் விற்கும் சில வகைகளில் ஈயமும் கலந்திருக்கிறது. கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சு, ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு, உள்முனையிலிருந்து வெளிமுனை நோக்கி, முன்னும் பின்னும் சோப்பால் கைகழுவல் என்பதோடு வீட்டு வைத்தியம் முடிந்துவிட வேண்டும்.

சொல்லாமல் விட்டுவிடக் கூடாத இன்னொன்று, நம் வழக்கங்களும் மருத்துவ நடைமுறையும் சேர்ந்து உண்டாக்கும் இடைவெளி. சுகப்பிரசவமான தாயை 48 மணி நேரம் கழித்து அனுப்புகிறார்கள். கொனோரியா வெளிப்படும் காலம் ஏறத்தாழ அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. மருத்துவமனையில் தெளிவாக இருந்த கண், வீட்டில் போய்த்தான் கெடுகிறது. பல குடும்பங்களில் 11-ஆம் நாளோ 16-ஆம் நாளோ தீட்டுக் கழிக்கும்வரை பச்சைக் குழந்தையை வாசல் தாண்டி எடுத்துச் செல்லத் தயங்குகிறார்கள். நாட்டின் வீட்டுவழிப் பராமரிப்புத் திட்டம், மருத்துவமனையில் பிறந்த குழந்தையைச் சுகாதாரப் பணியாளர் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் வீடு தேடிச் சென்று பார்க்க வேண்டும் என்கிறது. மூன்றாம் நாள் வருகை மட்டும் தவறாமல் நடந்து, அன்று குழந்தையின் இரு இமைகளையும் பிரித்துப் பார்த்துவிட்டால், இந்நோயின் பெரும்பகுதியை அங்கேயே பிடித்துவிடலாம். ஆனால், தாய் அதற்குள் வேறு மாவட்டத்திலுள்ள பிறந்தகத்துக்குப் போயிருப்பார். முகவரிப்படி சென்ற செவிலியர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவார். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தரப்படும் சீட்டில் தடுப்பூசித் தேதிகளுக்கு மேலே, ‘முதல் பத்து நாளில் இமை வீங்கியோ சீழ் வடிந்தோ இருந்தால் அன்றைக்கே வர வேண்டும்’ என்று பெரிய எழுத்தில் ஒரு வரி அச்சிடுவதற்குச் செலவு எதுவும் இல்லை. எந்த மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதையும், தாய் தங்கப்போகும் ஊரைக் கேட்டு, அதே சீட்டில் எழுதிக்கொடுக்கலாம்.

குழந்தையின் கண் குணமானதும் வேலை முடிந்துவிடுவதில்லை. கொனோரியாவோ கிளமிடியாவோ உறுதியானால், தாய்க்கும் தந்தைக்கும் அறிகுறி இருக்கிறதா இல்லையா என்று பாராமல் சிகிச்சை தர வேண்டும். கவனிக்காமல் விட்டால் தாய்க்குக் கருக்குழாய் அடைபட்டு, அடுத்த குழந்தைக்கே வழியில்லாமல் போகலாம். கருப்பைக்கு வெளியே கரு தங்கும் ஆபத்தும் உண்டு. தாய் மட்டும் மருந்து எடுத்துக்கொண்டால், கணவரிடமிருந்து தொற்று திரும்ப வந்துவிடும். இங்கும் நம் வழக்கம் குறுக்கே நிற்கிறது: மருத்துவமனையில் குழந்தையோடு இருப்பவர் தாயும் அவருடைய அம்மாவும், கணவர் வேலை பார்க்கும் ஊரில். செய்தியை அவரிடம் சொல்லும் பொறுப்பும் அதனால் வரும் பழியும் அந்தப் பெண்ணின் தலையில் விழுகின்றன. தொற்று யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. எவ்வளவு காலமாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. இதை மருத்துவரே கணவரை அழைத்து, உறவினர் இல்லாத அறையில், இருவரிடமும் சேர்த்துச் சொல்வது நல்லது. இருவருக்கும் ஒரே நாளில் மருந்தைத் தொடங்கி, அது முடிந்த பிறகும் ஏழு நாள்கள் உறவைத் தவிர்க்கச் சொல்வார்கள். எச்ஐவி, சிபிலிஸ் பரிசோதனைகளும் அதே அமர்வில் இருவருக்கும் எடுக்கப்படும். தாய்ப்பால் கொடுப்பதை ஒரு நாளும் நிறுத்த வேண்டியதில்லை.